கேலிக்கு முறை உண்டு, வசவுக்கு இல்லை: ஓர் ஊர்ப் பெரியவரின் பேச்சு கிளப்பிய கேள்வி

தென் மாவட்டக் கிராமம் ஒன்றில், பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய இரவில், ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயில் திடலில் ஒலிபெருக்கியைப் பிடித்து ஏறத்தாழக் கால் மணி நேரம் பேசினார். கல்யாண வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் இளவட்டங்கள் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் பேச்சின் சாரம். கைப்பேசியில் சுற்றத் தொடங்கியதும் அந்தப் பேச்சு இரண்டு விதமாகப் படிக்கப்பட்டது. பெரியவர் சரியாகத்தான் கேட்டார் என்று ஒரு சாரார் சொல்ல, நம்முடைய பாட்டிமார் நலங்கிலும் கும்மியிலும் பாடாத வசையா, நாட்டார் வழக்கையே அழிக்கப் பார்க்கிறாரா என்று மறு சாரார் கேட்டார்கள்.

இரண்டாவது கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தமிழர் கல்யாணத்திலும் திருவிழாவிலும் ஏசுவது சடங்கின் ஒரு பகுதியாகவே இருந்துவந்திருக்கிறது என்பது உண்மை. அப்படியானால் பெரியவர் எதைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்பதை விளங்கிக்கொள்ள, பழைய ஏச்சு எப்படி இயங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியவர் உண்மையில் சொன்னது

பேச்சில் பரவலாகப் பகிரப்பட்டது கடைசி இரண்டு நிமிடம் மட்டுமே. குரல் உயர்ந்து, "இனிமே எவனாவது ஆத்தா அக்கானு இழுத்தீங்கன்னா" என்று மிரட்டும் பகுதி அது. அதற்கு முன் அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் விஷயத்தின் அச்சாணி: "கேலி பேசாத கல்யாணம் ஏதுப்பா? பேசுங்க. ஆனா மாமனப் பேசுறவனுக்கு, அவரு தனக்கு மாமன்தானான்னு மொதல்ல தெரிஞ்சிருக்கணும்."

இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும், இதில் ஒரு வரையறை இருக்கிறது. கேலியை ஏற்கத்தக்கதாக ஆக்குவது சொல்லின் மென்மை அல்ல, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையிலுள்ள முறை என்பதே அது.

கேலி, ஏசல், வசவு

மூன்று சொற்களையும் நாம் கலந்தே பயன்படுத்துகிறோம். இந்தக் கட்டுரைக்காக அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

1. கேலி என்பது முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் சீண்டுவது. மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள், சம்பந்தி ஆகியோருக்கு இடையில் நடப்பது. அண்ணன் தம்பிக்குள்ளும், சித்தப்பன் மகனுக்குள்ளும் இந்த உரிமை கிடையாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-ல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கேலி உறவு என்ற பொருளில் பெயர் கொடுத்தார். கல்யாணத்தால் சேரும் இரு குடும்பங்களுக்குள் ஒட்டும் உண்டு, உரசலும் உண்டு. சண்டையாக வெடிக்கக்கூடிய அந்த உரசலைச் சிரிப்பாகக் கழித்துவிடும் ஏற்பாடு என்பது அவர் தந்த விளக்கம்.

2. ஏசல் என்பது கேலியின் அரங்கேற்றப்பட்ட வடிவம். பாட்டாகவோ எதிர்ப்பாட்டாகவோ, கூட்டத்தின் முன் நடப்பது. நலங்கில் பெண் வீட்டுப் பெண்கள் சம்பந்தியம்மாளின் கஞ்சத்தனத்தைப் பாட, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சாப்பாட்டின் உப்பைப் பாடுவது ஓர் எடுத்துக்காட்டு. பள்ளு நூல்களில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் மோதும் ஏசல் இதன் இலக்கிய வடிவம். முக்கூடற்பள்ளில் ஒருத்தி திருமாலின் பக்கம், இன்னொருத்தி சிவனின் பக்கம். சக்களத்திச் சண்டை முற்றி மற்றவளின் தெய்வத்தையே இழுத்துப் பேசும் அளவுக்குப் போகிறது. ஆனால் இருவரும் சமாதானமாகித்தான் அந்தச் சண்டை முடிகிறது.

3. வசவு என்பது எதிராளியைச் சிறுமைப்படுத்துவதற்காகவே எறியப்படும் சொல். தமிழில் அதன் பெரும்பகுதி மூன்று இடங்களைத்தான் குறிவைக்கும்: தாய் அல்லது உடன்பிறந்தாளின் உடலும் ஒழுக்கமும், ஒருவரின் பிறப்பு, ஒருவரின் சாதி. ஆண்கள் இருவர் சண்டையிட்டாலும் அடிபடுவது அங்கே இல்லாத ஒரு பெண்ணாக இருப்பது இந்த வகையின் அடையாளம்.

தொல்காப்பியம் எச்சவியலில் "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறது. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். இலக்கணக்காரர் அதைக் கெட்ட சொல் என்று பெயரிடாமல், அவைக்கு ஆகாத சொல் என்று பெயரிட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். தகாமையை முடிவு செய்வது கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டம். பெரியவர் முறையைப் பற்றிச் சொன்னதும் இதுவும் சேர்ந்தால்தான் பழைய ஏற்பாடு முழுமையாகத் தெரியும்: யார் யாரைப் பேசுகிறார், யார் கேட்கிறார்.

ஏசலுக்கு இருந்த நான்கு வேலிகள்

பாட்டிமார் பாடியது பச்சையாக இருந்தது உண்மைதான். இன்று மேடையில் கேட்பதைவிடச் சில பாடல்கள் பச்சையானவை. ஆயினும் அவற்றைச் சுற்றி வேலி இருந்தது.

1. முறை. பாடுகிறவள் இன்னாருக்கு இன்ன முறை என்று ஊருக்கே தெரியும். முறை தப்பிப் பாடினால் பாட்டு பாதியிலேயே நிறுத்தப்படும்.

2. பொழுது. நலங்கு முடிந்தால் கேலியும் முடிந்தது. திருவிழாவில் கடைசி நாள் மஞ்சள் நீராட்டில் முறைப்பெண் முறைமாப்பிள்ளை மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். மறுநாள் காலையில் அவன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் அது வம்பு.

3. பதில் உரிமை. ஏசப்பட்டவர் திருப்பி ஏச வேண்டும் என்பது விதி. அவர் திகைத்து நின்றால் பாடியவர்களே அவருக்காக ஒரு வரி எடுத்துக் கொடுப்பார்கள். பதில் சொல்ல முடியாதவரை ஏசுவதில் யாருக்கும் பெருமை கிடையாது.

4. முடிப்பு. ஏசல் முடிந்ததும் வெற்றிலை பாக்கோ சந்தனமோ கைமாறும். சொன்னதெல்லாம் இதோடு முடிந்தது என்பதற்கு அது சாட்சி.

இந்த வேலிக்கு உள்ளேயும் அநியாயம் நடந்தது. நிறத்தையும் மலட்டுத்தன்மையையும் பாடி ஒரு பெண்ணை ஆயுளுக்கும் நோக வைத்த கல்யாணங்கள் இருக்கின்றன. கரகாட்டம் ஆட வந்த பெண்களுக்கு முறையும் கிடையாது, பதில் உரிமையும் கிடையாது. கூட்டத்தில் இருந்தவன் எதை வேண்டுமானாலும் கத்தினான். குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தையே ஆபாசமாகச் சித்திரிப்பது திருவிழா மேடைகளில் வெகுகாலம் நடந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2023-ல்தான் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. ஆகவே பழையதெல்லாம் கபடமற்றது என்று வாதிடுகிறவர்கள், வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

'மச்சான்' வழுக்கிய இடம்

வேலிகளில் முதலில் சரிந்தது முறை. சரிந்த விதத்தை 'மச்சான்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

மச்சான் என்பது அத்தை மகன், மாமன் மகன், அக்காள் கணவன், மனைவியின் சகோதரன் ஆகியோரைக் குறிக்கும் உறவுச் சொல். ஒருவரை மச்சான் என்று அழைப்பது, நம் இரு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு அல்லது இருக்கலாம் என்று சொல்வதற்குச் சமம். கேலிக்கான உரிமையும் அதிலிருந்தே பிறக்கிறது. கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளில் கல்லூரி விடுதி, வேலையிடம், திரைப்படம் ஆகியவற்றின் வழியாக இச்சொல் நண்பன் என்ற பொருளுக்கு விரிந்தது. மச்சி, மாப்ள என்று அதற்குக் கிளைகளும் முளைத்தன. நகரத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சொல்லப்போனால், சாதி பார்க்காமல் எல்லாரையும் மச்சான் என்று கூப்பிடும் வழக்கத்தில் ஒரு தாராளம் இருக்கிறது.

சிக்கல் அந்த நண்பர்கள் கல்யாணத்துக்காக ஊருக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. நண்பர்கள் மச்சான் என்ற பெயரை எடுத்துக்கொண்டபோதே அதனோடு ஒட்டிய கேலி உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் வேலிகளை எடுத்துக்கொள்ளவில்லை. உறவுமுறையை இன்னும் சொல்லுக்குச் சொல் எடைபோடும் ஊரில், அந்நியன் ஒருவன் பெண்ணின் அண்ணனைப் பார்த்து "என்ன மச்சான்" என்றால், அது "உன் தங்கை எனக்கு முறை" என்று விழும். சொன்னவன் வேறு சாதி என்று தெரிந்தால் அந்த ஒரு சொல்லுக்கே கைகலப்பு நடந்துவிடும். வசவு என்று அவன் எதையும் சொல்லியிருக்க மாட்டான். 'மாமா' என்ற சொல்லின் கதையும் இதுதான். தாயோடு பிறந்தவரை அழைக்கும் அதே சொல், தொனி மாறினால் பெண்களைக் கூட்டிக்கொடுப்பவன் என்ற வசவாகிறது. அகராதியைப் பார்த்துக் கெட்ட வார்த்தைப் பட்டியல் போட்டுத் தடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களே போதிய பதில்.

கூட்டத்தில் ஓர் இளைஞன், முறை இல்லாதவர்களை எப்படித்தான் கூப்பிடுவது என்று பெரியவரிடம் கேட்டான். "பேரு வச்சிருக்காங்கல்ல?" என்றார் அவர். எல்லாரும் சிரித்துவிட்டதால் கேள்வி அப்படியே நின்றுபோனது.

ஒரு வரவேற்பு மேடை, இருபது நிமிடம்

மற்ற மூன்று வேலிகள் எப்படி உடைகின்றன என்பதைக் காண, பெரியவர் தம் பேச்சில் குறிப்பிட்ட சம்பவத்தின் சாயலில் ஒரு வரவேற்பு மாலையை வரிசையாகப் பார்ப்போம்.

மண்டபத்தில் இரவு ஒன்பது மணி. சாப்பாட்டுப் பந்தி நடக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் பன்னிரண்டு பேர் மேடையேறுகிறார்கள். மெல்லிசைக் குழுவிடமிருந்து ஒலிவாங்கி கைமாறுகிறது. முதல் இரண்டு நிமிடம் மாப்பிள்ளையின் பள்ளிக்காலக் குறும்புகள், எல்லாரும் சிரிக்கிறார்கள். பிறகு பால் புட்டியும் தூளியும் பரிசாக வருகின்றன. இதுவும் சிரிப்புதான், ஆனால் முன்வரிசையில் இருக்கும் பெண்ணின் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்திப் பக்கம் போகிறார். அடுத்து மாப்பிள்ளையின் பழைய காதல் பற்றி ஒரு சாடை. மணமகள் தரையைப் பார்க்கிறாள். அவளிடம் ஒலிவாங்கி இல்லை. கீழே நிற்கும் அவள் தம்பி, "போதும் இறங்குங்க" என்று கத்துகிறான். மேடையிலிருந்து, "மச்சான் சூடாயிட்டாப்ல" என்று ஒலிபெருக்கியில் பதில் வருகிறது. தம்பி தாயை இழுத்து ஒரு வசவை எறிகிறான். அங்கிருந்து நாற்காலி பறப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கெட்ட வார்த்தையை முதலில் சொன்னது பெண் வீட்டுப் பையன். கைப்பேசியில் பதிவாகிப் பரவுவதும் அந்தக் கடைசி அரை நிமிடமே. ஆனால் கேலி வசவாக மாறியது அதற்கு நெடுநேரம் முன்னால், மணமகள் தரையைப் பார்த்தபோது. பழைய நலங்கில் அவள் பக்கத்து அத்தை உடனே ஒரு வரி திருப்பிக் கொடுத்திருப்பாள். ஒலிவாங்கி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும்போது பதில் உரிமை என்பதே இல்லாமல் போகிறது. வெற்றிலை பாக்குக் கொடுத்து முடித்துவைக்கவும் ஆள் இல்லை. முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்தாலும், பதிவு மறுநாள் வேறு ஊரில் ஓடத் தொடங்கும். பொழுது என்ற வேலியும் அத்தோடு போயிற்று.

கேலி எப்போது எல்லை தாண்டுகிறது என்பதை அருகில் இருப்பவர்கள் மூன்று அடையாளங்களால் அறியலாம். ஏசப்பட்டவர் பதில் பேசுவதை நிறுத்துவது முதலாவது. சிரிப்பு அடங்கிய பிறகும் அதே சொல் திரும்பத் திரும்ப வருவது இரண்டாவது. பெண்கள் ஒவ்வொருவராக இடத்தை விட்டு நகர்வது மூன்றாவது; மற்ற இரண்டையும்விட இது முன்னதாகவே நடந்துவிடும்.

சட்டம் எதைத் தொடும்

கெட்ட வார்த்தை பேசினால் வழக்கு என்று பெரியவர் எச்சரித்தார். அது பாதி சரி.

1. பொது இடத்திலோ அதன் அருகிலோ பிறருக்குத் தொல்லையாக ஆபாசமான சொல்லோ பாட்டோ எழுப்புவது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் வருகிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவே இப்படி எண் மாறியிருக்கிறது. ஆனால் திட்டினாலே இந்தப் பிரிவு பாயாது. இழிவாகத் திட்டுவது வேறு, ஆபாசம் வேறு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

2. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வேறு தளம். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரால் திட்டினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. முகாந்திரம் இருந்தால் முன்ஜாமீனும் கிடைக்காது. ஆட்கள் நிறைந்த மண்டபமும் திருவிழாத் திடலும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டவை அல்ல என்று வாதிடுவது கடினம். கைப்பேசிப் பதிவு இங்கே சாட்சியாக வந்து நிற்கும்.

3. திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கமாகச் சில நிபந்தனைகளை விதிக்கிறது. ஆபாச நடனமும் இரட்டை அர்த்தப் பாடலும் கூடாது, எந்தச் சாதியையும் கட்சியையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பாடவோ பதாகை வைக்கவோ கூடாது, மீறினால் காவல்துறை நிகழ்ச்சியை நிறுத்தலாம், அமைப்பாளரே பொறுப்பு என்பவை அவற்றுள் முக்கியமானவை.

மூன்றாவதுதான் நடைமுறையில் பயன் தருவது. வழக்கு நடந்ததற்குப் பின் வருவது. நிபந்தனை முன்னதாகவே ஒருவரின் பெயரைப் பொறுப்பில் எழுதிவிடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் கிடையாது. வரவேற்பு மேடையில் ஒலிவாங்கி யார் கையில் என்பதை இரு வீட்டாரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வது ஒன்றே வழி. நிச்சயத்தின்போது சீர், பந்தி, மேளம் என்று எல்லாவற்றையும் பேசும் குடும்பங்கள் இதை மட்டும் பேசுவதில்லை.

அபராதம் போடலாமா

கெட்ட வார்த்தை பேசினால் ஐநூறு ரூபாய் அபராதம் என்றும் பெரியவர் அறிவித்தார். கைதட்டலும் விழுந்தது. ஊர்க்கூட்டத்துக்கு அபராதம் விதிக்கவோ வசூலிக்கவோ சட்டப்படி அதிகாரம் கிடையாது. ஒருவர் தவறை ஒப்புக்கொண்டு கோயில் உண்டியலில் போட்டால் அது அவர் விருப்பம். கட்டாதவரைத் திருவிழாவிலிருந்து விலக்கி வைத்தால், குற்றம் செய்தவர்களாக நிற்க வேண்டியவர்கள் விலக்கியவர்களே. தவிர, அபராதம் வழக்கமாக ஏழை வீட்டுப் பையன்மேல்தான் விழும். அதே சொல்லைக் காரில் வந்து இறங்குகிறவன் சொன்னால் 'தம்பி கொஞ்சம் போட்டிருக்காப்ல' என்று கடந்து போவார்கள்.

பேச்சில் விடுபட்டது

பெரியவரின் பேச்சு முழுவதும் இளைஞர்களை நோக்கியது. மது, கைப்பேசி, திரைப்பாட்டு என்று அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று இல்லை: அந்தச் சொற்களை இளைஞர்கள் எங்கே கற்றார்கள் என்பது. தாயை இழுக்கும் வசவை வேண்டுமானால் பையன்கள் தெருவில் கற்றிருக்கலாம். சாதியை வைத்து ஒருமையில் பேசுவதைத் தெருவில் கற்கத் தேவையில்லை. அறுபது வயதுப் பந்தல்காரரை இருபது வயதுப் பையன் "டேய், இங்க வா" என்று கூப்பிடும்போது, அந்தச் சொல் எந்தக் கெட்ட வார்த்தைப் பட்டியலிலும் வராது. வீட்டில் அப்பாவும் தாத்தாவும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவன் கேட்டு வளர்ந்திருக்கிறான்.

கூட்டம் கலையும்போது பந்தலின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் இதையே கேட்டார்: "சின்னப் பயலுகளச் சொல்லிட்டீங்க. உங்க வயசு ஆளுக பேசுறதுக்கு யாரு காப்புக் கட்டுறது?" ஒலிபெருக்கியை அதற்குள் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டது. கைப்பேசியில் சுற்றும் பதிவில் அந்தக் கேள்வி இல்லை.